பாட்டெல்லாம் மனப்பாடம், அட்டையைக் காட்டினால் வாசிக்க வரவில்லை: வார இறுதித் தமிழ் வகுப்பு பற்றி யோசனை வேண்டும்

செவ்வாய்ப்பேட்டை மகள்

அனைவருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் சேலம். இப்போது நெதர்லாந்தில் இருக்கிறோம். அங்கே நான்கு குடும்பங்கள் சேர்ந்து இரண்டு ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். 5 வயது முதல் 9 வயது வரை 11 குழந்தைகள், காலை 10 மணி முதல் 12 மணி வரை. முதல் அரை மணி நேரம் பாட்டு, பிறகு வாசிப்பு அட்டைகள், பிறகு விளையாட்டு. வீட்டில் தினமும் கொஞ்சம் வாசிக்கச் சொல்லி அட்டைகளைக் கொடுத்து அனுப்புகிறோம்.

பாட்டு அருமையாக வருகிறது. 15 பாட்டுகள் வரை ஒரு சொல் தவறாமல் பாடுகிறார்கள். பாட்டு எழுதிய தாளைக் கையில் கொடுத்தால் விரலை வைத்து 'வாசிக்கவும்' செய்கிறார்கள். என் மகளுக்கு 7 வயது. பல மாதங்களாக அவள் நன்றாக வாசிக்கிறாள் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். விடுமுறைக்குச் சேலம் வந்த மறுநாள், பழைய பேருந்து நிலையத்தில் ஒரு கடைப் பலகையைக் காட்டி 'இது என்ன?' என்று கேட்டேன். 'பால்' என்ற இரண்டே எழுத்து. என் முகத்தைப் பார்த்தாளே தவிர, பலகையைப் பார்க்கவில்லை. மனம் உடைந்துவிட்டது. ஆறு வாரம் இங்கேதான் இருப்போம். இந்த ஆறு வாரத்தில் அட்டைகளைத் திருத்தி எடுத்துப் போக வேண்டும். எங்கே தவறுகிறோம்?

அயோத்தியாப்பட்டணம் தாத்தா

அம்மா, டியூஷன் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். என் பேரனுக்கும் இதே நிலைதான், அவனோ சேலத்திலேயே இருக்கிறான்! ஆங்கிலவழிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. வீட்டில் நாள் முழுவதும் தமிழ் பேசுகிறான், ஆனால் பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரை என்னிடம்தான் கேட்கிறான். எங்கள் பக்கத்தில் ஓர் ஆசிரியை மாலையில் சொல்லிக் கொடுக்கிறார். ஆறு வாரத்துக்குச் சேர்த்துக்கொள்வாரா என்று விசாரிக்கட்டுமா?

செவ்வாய்ப்பேட்டை மகள்

நன்றி ஐயா. நான் டியூஷன் தேடவில்லை, அங்கே எங்கள் வகுப்பில் செய்வதைத் திருத்தவே யோசனை கேட்கிறேன். ஆனால் உங்கள் பேரனைப் பற்றி நீங்கள் சொன்னது என்னை யோசிக்க வைக்கிறது. தமிழ் காதில் விழாததுதான் காரணம் என்று இதுவரை எண்ணியிருந்தேன்.

கன்னங்குறிச்சி அம்மாயி

கண்ணு, நான் ஒன்றாம் வகுப்புக்கு மட்டும் 31 ஆண்டுகள் பாடம் எடுத்தவள். மலையடிவாரப் பள்ளிகளில்தான் பெரும்பாலும் இருந்தேன். உன் மகள் செய்வது சோம்பேறித்தனமும் இல்லை, ஏமாற்றும் இல்லை. காதால் கற்றதைக் கண்ணால் கற்றதாக அவளும் நம்புகிறாள், நீயும் நம்பியிருக்கிறாய். எதையும் மாற்றுவதற்கு முன் மூன்று சோதனைகள் செய்து பார்த்துவிட்டுச் சொல்.

முதலாவது, அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டின் வரியைத் தாளில் எழுதி, நடுவில் ஒரே ஒரு சொல்லை மாற்று. பழைய சொல்லையே பாடினால் அவள் தாளைப் பார்க்கவில்லை.

இரண்டாவது, அட்டையில் படம் இருந்தால் அதைக் கையால் மறைத்துவிட்டுக் கேள்.

மூன்றாவதுதான் முக்கியம். அவள் சரியாகச் சொல்லும் அட்டையில் இருக்கும் அதே சொல்லை ஒரு சிலேட்டில் எழுதிக் காட்டு. அட்டையில் சொல்லி, சிலேட்டில் திணறினால், அவளுக்குத் தெரிந்தது சொல் அல்ல, அட்டை. மூலை மடிந்தது எது, காப்பிக் கறை பட்டது எது என்பதைக் குழந்தைகள் நம்மைவிட நன்றாக நினைவில் வைத்திருப்பார்கள்.

செவ்வாய்ப்பேட்டை மகள்

அம்மாயி, மூன்றும் செய்தேன். பாட்டில் 'மரம்' என்ற சொல்லைப் 'படம்' என்று மாற்றி எழுதினேன். விரல் 'படம்' மீது இருக்க, வாய் 'மரம்' என்று பாடியது. படத்தை மறைத்தால் 20 அட்டைகளில் 6தான் வந்தது. அந்த ஆறையும் சிலேட்டில் எழுதிக் காட்டினேன், இரண்டு வந்தது: 'அம்மா', அப்புறம் அவள் பெயர்.

அட்டைகளையும் ஒரு முறை கொட்டிப் பார்த்தேன். இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. பாதி அட்டைகளை என் அம்மா இங்கிருந்து எழுதி அனுப்பியிருந்தார். அதில் 'மலை', 'யானை' எல்லாம் துதிக்கை போல் மேலே சுழிக்கும் பழைய எழுத்தில் இருக்கின்றன. நான் எழுதிய அட்டைகளில் புதிய எழுத்து. இரண்டும் ஒன்றே என்று யாரும் அவளுக்குச் சொல்லவே இல்லை. இன்னொன்று, அட்டையின் கீழே பெற்றோர் வசதிக்காக ஆங்கில எழுத்தில் உச்சரிப்பு எழுதியிருந்தோம். அவள் கண் நேராக அங்கேதான் போகிறது.

ஏற்காடு எஸ்டேட்

எனக்கு இதில் ஒரு குழப்பமும் தெரியவில்லை. எங்கள் காலத்தில் அரிசியில் விரல் பிடித்து 'அ' எழுத வைத்தார்கள். அ முதல் ஃ வரை, பிறகு க் முதல் ன் வரை, பிறகு உயிர்மெய் வரிசை. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247. வரிசையாகக் கற்றவன் எதையும் வாசிப்பான். வரிசையை விட்டுவிட்டுப் பாட்டு, படம் என்று போனதால் வந்த வினை இது. மேலும் 247 என்று பயப்படவும் தேவையில்லை. கால், கொம்பு, சுழி என்ற குறிகளை ஒரு முறை சொல்லிக் கொடுத்துவிட்டால் 18 எழுத்துக்கும் ஒரே வாய்ப்பாடு. பிறகு எல்லாம் தானாக வந்துவிடும். பாட்டை ஓர் ஆண்டு நிறுத்திவிடுங்கள் என்பது என் கருத்து.

கன்னங்குறிச்சி அம்மாயி

எஸ்டேட் தம்பி சொல்வதில் பாதி சரி. ஒவ்வோர் எழுத்தாகப் பார்க்கப் பழக வேண்டும் என்பதும், குறிகளைக் கற்றால் சுமை குறையும் என்பதும் உண்மை. அகராதி பார்க்கும் வயதில் வரிசையும் வேண்டும். அதை ஒரு பாட்டாகப் பாடட்டும். ஆனால் வாசிப்பை வரிசையில் தொடங்கினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். அ, ஆ, இ, ஈ என்று 12 எழுத்துகளைக் கற்று முடித்த குழந்தையால் எந்தச் சொல்லை வாசிக்க முடியும்? 'ஆ', 'ஈ' தவிர அநேகமாக எதுவும் இல்லை. வாரம் இரண்டு மணி நேரம் மட்டும் வரும் குழந்தைக்கு அதற்குள் மூன்று மாதம் ஓடிவிடும்.

நாங்கள் ட, ப, ம, ர என்று தொடங்குவோம். எல்லாம் நேர்க்கோடும் எளிய வளைவும்தான். இந்த நான்கும் புள்ளியும் போதும். படம், மடம், மரம், பட்டம், பம்பரம். முதல் வாரத்திலேயே ஐந்து சொற்களை உண்மையாக வாசிக்கலாம்.

இந்த ஐந்தில் இன்னொரு நன்மையும் உண்டு. வெளிநாட்டுக் குழந்தைகள் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: 'ப'வுக்கு எந்த ஒலி? 'பம்பரம்' என்று சொல்லிப் பார். முதல் 'ப' அழுத்தமாக வருகிறது, 'ம்'முக்குப் பின்னால் வரும் 'ப' மென்மையாக வருகிறது. 'படம்' என்பதில் 'ட' மென்மை, 'பட்டம்' என்பதில் இரட்டித்ததும் அழுத்தம். இதை விதியாகச் சொல்லாதே. குழந்தைக்கு அந்தச் சொல் ஏற்கெனவே தெரிந்திருந்தால் வாய் தானாகத் திருத்திக்கொள்ளும். எனவே வாசிப்பு அட்டையில் குழந்தை பேசிப் பழகிய சொல் மட்டுமே இருக்க வேண்டும். 'மடம்' என்றால் உன் மகளுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் அதை எடுத்துவிடு.

ஆங்கில எழுத்தை இன்றே கத்தரித்துவிடு.

பழைய எழுத்து விஷயம்: 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தது. லை, ளை, னை, ணை, றா, னா, ணா போன்றவை அப்போதுதான் மாறின. அதற்கு முன் படித்தவர்களின் கை இன்னும் பழைய வழியில்தான் ஓடும், என் கையும் அப்படித்தான். அம்மாவை மனம் நோகச் செய்யாமல் அந்த அட்டைகளை மட்டும் மாற்றி எழுது. அவருடைய கடிதங்களை வாசிக்கும் வயது வரும்போது பழைய எழுத்தைக் காட்டலாம்.

தம்பி சொன்ன 'ஒரே வாய்ப்பாடு' ஓரிடத்தில் உடைந்துவிடும். கா, கி, கெ, கை எல்லாம் எந்த எழுத்தோடும் ஏறக்குறைய ஒரே குறிதான். உகர, ஊகார வரிசைகள் அப்படியில்லை. கு, சு, டு, து, பு, மு, ரு ஆகியவற்றை வரிசையாக எழுதிப் பாருங்கள், எல்லாம் ஒரே விதமாக மாறுவதில்லை. அவற்றைத் தனித்தனியாகத்தான் கற்க வேண்டும். ஆனால் வீடு, மாடு, காது, பாட்டு என்று குழந்தைகளுக்கு நெருக்கமான சொற்களெல்லாம் உகரத்தில் முடிகின்றன. கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று விடவும் முடியாது. நான் 'டு', 'து' இரண்டை மட்டும் முன்னதாகவே தனி எழுத்துப் போலக் காட்டிவிடுவேன், மற்றவை பிறகு.

பாட்டை நிறுத்த வேண்டாம். பாட்டைச் சிறிதாக்கு. அவர்களுக்குத் தெரிந்த எழுத்துகளாலேயே நீயே ஒரு பாட்டுக் கட்டு. 'ல' சேர்ந்ததும் நான் இப்படிப் பாட வைப்பேன்:

மரம் மரம் பல மரம்
மலர் மலர் பல மலர்
படம் படம் பல படம்
பட்டம் பட்டம் பல பட்டம்

ஐந்தே எழுத்துகள். பாடி முடித்ததும் வரிகளைத் தனித்தனி நாடாவாக வெட்டிக் கலைத்துப் போட்டு, 'மலர் வரி எது?' என்று கேள். 'மரம்', 'மலர்' இரண்டும் 'ம'வில்தான் தொடங்குகின்றன. எனவே இரண்டாவது எழுத்தைப் பார்த்தே தீர வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை மகள்

ஆங்கில எழுத்தைக் கத்தரித்துவிட்டேன். இப்போதுதான் இன்னொன்றும் புரிந்தது. அங்கே பள்ளியில் ஆறு வயதில் டச்சு வாசிக்கக் கற்கிறார்கள். டச்சில் 'ஜி' என்ற எழுத்துக்குத் தொண்டையைச் செருமுவது போன்ற ஒலி. 'யு'வுக்கு உதட்டைக் குவித்து 'ஈ' சொல்வது போன்ற ஒலி. 'மகள்' என்பதை நாங்கள் ஆங்கில எழுத்தில் எழுதியதை அவள் தொண்டையால் வாசித்துக்கொண்டிருந்தாள். அதை நாக்குப் புரளவில்லை என்று நினைத்து நான் இத்தனை நாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

அச்சகத்துக்காரர்

நான் சேலத்தில் அச்சகம் நடத்துகிறேன். பள்ளிகளுக்கு அட்டை அடித்துக் கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன். 300 ஜி.எஸ்.எம். அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட மெலிதாக இருந்தால் பின்பக்கத்து மை தெரியும், குழந்தை வெளிச்சத்தில் பிடித்துப் படத்தைப் பார்த்துவிடும். ஏ4 தாளை எட்டாக வெட்டினால் வரும் அளவு சிறு கைக்குச் சரியாக இருக்கும். எழுத்து முன்பக்கம், படம் பின்பக்கம். பளபளப்பான லேமினேஷன் வேண்டாம், விளக்கு வெளிச்சத்தில் எழுத்து மறைகிறது.

எழுத்துரு தேர்வில்தான் பலரும் தவறுகிறார்கள். சில எழுத்துருக்களில் 'ர'வும் காலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். 'மரம்' என்பதைக் குழந்தை 'மாம்' என்று வாசித்தால் குழந்தையைக் குறை சொல்லாதீர்கள், எழுத்துருவைப் பாருங்கள். 'ர'வின் கீழ் வால் தெளிவாக இடப்பக்கம் இறங்க வேண்டும். பூ வேலை செய்த எழுத்துருக்களைத் திருமண அழைப்பிதழுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஓமலூர்க்காரர்

நானும் வெளிநாட்டில் எட்டு ஆண்டுகள் இருந்தவன், இப்போது ஊருக்கு வந்துவிட்டேன். வகுப்பில் எல்லாம் சரியாகத்தான் நடக்கும், வீட்டில்தான் கெட்டுப்போகும். நாங்கள் இரவு உணவுக்குப் பிறகு 20 நிமிடம் என்று முடிவு செய்தோம். முதல் வாரம் நடந்தது. இரண்டாம் வாரம் மகன் அழுதான். மூன்றாம் வாரம் நான் கத்தினேன். நான்காம் வாரம் வெள்ளிக்கிழமை இரவு மட்டும் ஒரு மணி நேரம் உட்கார வைத்தோம், மறுநாள் வகுப்பு இருக்கிறதே என்ற பயத்தில். ஓர் ஆண்டு முடிவில் தமிழ் என்றாலே அவனுக்கு வெறுப்பு வந்துவிட்டது. என் தவறு என்று இன்றும் வருந்துகிறேன்.

இன்னொரு சந்தேகம். என் மகன் ஒரு நாள் கேட்டான்: 'புத்தகத்தில் "அவர்கள் போகிறார்கள்" என்று இருக்கிறது. வீட்டில் யாருமே அப்படிப் பேசுவதில்லையே. இது எந்த ஊர்த் தமிழ்?' எனக்குப் பதில் தெரியவில்லை.

கன்னங்குறிச்சி அம்மாயி

வருந்தாதீர்கள் தம்பி, இதைச் சொல்ல முன்வந்ததே பெரிய உதவி. களைத்த நேரத்தில் 20 நிமிடம் என்பது ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு அதிகம். 7 நிமிடம் போதும், ஆனால் வாரத்தில் ஐந்து நாள். வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்வதால் சனிக்கிழமை வகுப்பில் மானம் காக்கலாம், திங்கட்கிழமை ஒன்றும் மிஞ்சாது.

நான் பெற்றோருக்குச் சொல்லிக் கொடுத்த முறை இது. மூன்று சோப்புப் பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவை ஒன்றில், தடுமாறுபவை ஒன்றில், புதியவை ஒன்றில். ஒரு நாளைக்கு எட்டு அட்டைகள்: தெரிந்ததில் ஐந்து, தடுமாறுவதில் இரண்டு, புதியது ஒன்றே ஒன்று. தெரிந்ததில் தொடங்கித் தெரிந்ததில் முடிக்க வேண்டும். வாய்விட்டு எண்ணாமல் மனத்துக்குள் மூன்று எண்ணுங்கள். அதற்குள் சொன்னால்தான் தெரிந்த கணக்கு. மூன்று வெவ்வேறு நாளில் அப்படிச் சொன்ன பிறகே நடுப்பெட்டியிலிருந்து தெரிந்த பெட்டிக்குப் போகலாம். ஒரே நாளில் மூன்று முறை சொன்னால் கணக்கில் சேராது. தெரிந்த பெட்டியில் பிறகு தடுமாறினால் முகம் சுளிக்காமல் நடுப்பெட்டிக்கே திருப்பி விடுங்கள். ஒரு வாரம் நடுப்பெட்டியில் பத்துக்கு மேல் சேர்ந்துவிட்டால் புதிய அட்டையே வேண்டாம்.

பெற்றோர் செய்யும் பெரிய தவறு, குழந்தை திணறும்போது முழுச் சொல்லையும் சொல்லிவிடுவது. முதல் எழுத்தின் ஒலியை மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். காத்திருப்பதுதான் பெரியவர்களுக்கு முடிவதில்லை.

எழுத்துத் தமிழ் பற்றி: நான் முதல் மூன்று மாதம் பெயர்ச்சொற்களை மட்டுமே தருவேன். மரம், பால், கல், காகம், பலா, இவையெல்லாம் பேச்சிலும் எழுத்திலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. வினைச்சொல் வரும்போதுதான் இடைவெளி பெரிதாகத் தெரியும். அதற்குள் வாசிப்பு கைவந்திருந்தால், 'எழுதும்போது இப்படி, பேசும்போது அப்படி' என்று சொன்னால் குழந்தை ஏற்றுக்கொள்ளும்.

அச்சகத்துக்காரர்

இதில் மட்டும் அம்மாயியோடு எனக்கு உடன்பாடு இல்லை. மூன்று மாதம் வெறும் பெயர்ச்சொற்களை வாசித்துக்கொண்டே இருந்தால் குழந்தைக்கு வாசிப்பில் என்ன சுவை இருக்கும்? 'வா', 'தா', 'பார்', 'ஓடு' என்ற ஏவல் சொற்கள் பேச்சிலும் எழுத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதானே? 'தா' அட்டையைக் காட்டினால் பொருளைக் கொடுக்க வேண்டும், 'ஓடு' என்றால் ஓட வேண்டும் என்று விளையாடலாம். அதற்கு மேல் ஒரு படி போய், முதல் ஆண்டு குழந்தை பேசுவது போலவே எழுதட்டும் என்பேன். வெளிநாட்டில் அவர்கள் பாட்டிக்குச் செய்தி அனுப்பத்தான் தமிழ் எழுதப்போகிறார்கள்.

கன்னங்குறிச்சி அம்மாயி

ஏவல் சொற்கள் நல்ல யோசனை தம்பி, நான் அதை நினைக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். பேசுவது போல எழுதுவதில் மட்டும் எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கள் சேலத்துப் பேச்சை எழுதுவதா, மதுரைப் பேச்சையா? அந்த வகுப்பில் இருக்கும் 11 குழந்தைகளும் ஒரே ஊரைச் சேர்ந்தவர்களா?

செவ்வாய்ப்பேட்டை மகள்

இல்லை அம்மாயி. சில குடும்பங்கள் கொங்குப் பக்கம், மற்றவர்கள் திருநெல்வேலி, சென்னை. இரண்டு குழந்தைகள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவர்கள் வீட்டுப் பேச்சே எங்கள் குழந்தைகளுக்கு முதலில் புரியவில்லை. இந்த விஷயத்தை மற்ற பெற்றோரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஏற்காடு எஸ்டேட்

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் மழலையருக்கான பாடங்களும் பாட்டுகளும் இருக்கின்றன. அதைப் பார்த்தீர்களா? உகர வரிசை பற்றி அம்மாயி சொன்ன பிறகு எழுதிப் பார்த்தேன். 60 ஆண்டுகளாக எழுதுகிறேன், இதைக் கவனித்ததே இல்லை. ஒரு நாள் குழந்தையை மலைக்கு அழைத்து வாருங்கள், தோட்டத்தில் பலாவும் மிளகும் காப்பியும் காட்டுகிறேன்.

செவ்வாய்ப்பேட்டை மகள்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். இணையப் பாடங்களைப் பார்த்தோம் ஐயா. பாட்டுக்கு நன்றாக இருக்கின்றன, அட்டைக்கு அம்மாயியின் முறையையே பின்பற்றினோம்.

முதல் வாரம் ட, ப, ம, ர. இரண்டாம் வாரம் ல, க, வ. மூன்றாம் வாரம் கால் குறியும் 'டு', 'து'வும். பிறகு சுழி, கொம்பு, இன்னும் சில எழுத்துகள். தெரிந்த பெட்டியில் இன்று 21 அட்டைகள், நடுப்பெட்டியில் 4. ஒரு நாளும் 10 நிமிடத்தைத் தாண்டவில்லை. இரண்டு நாள் காய்ச்சலில் விட்டுப்போனது, அவ்வளவுதான்.

நேற்று ஏற்காடு போனோம். கோரிமேடு தாண்டி அடிவாரத்திலிருந்து ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் 'கொண்டை ஊசி வளைவு' என்று பலகை இருக்கிறதல்லவா? மொத்தம் 20. முதல் மூன்றை நான் வாசித்துக் காட்டினேன். நான்காவது வளைவில் அவளே விரல் நீட்டி வாசித்தாள்! அங்கிருந்து இருபதாவது வளைவு வரை ஒன்றையும் விடவில்லை. மேலே எஸ்டேட் ஐயாவின் வீட்டில் அனைவரிடமும் சொல்லி மகிழ்ந்தேன். கண்ணில் நீரே வந்துவிட்டது.

கன்னங்குறிச்சி அம்மாயி

மகிழ்ச்சி கண்ணு. 21 அட்டை என்பது அருமையான கணக்கு. ஆனால் அந்த 20 பலகைகளை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன். ஒரே சொற்கள் 20 முறை வந்தால் அதுவும் ஒரு பாட்டுதான். மூன்று முறை நீ சொல்லிக் கொடுத்துவிட்டாய், நான்காவதில் அவள் திருப்பிச் சொல்கிறாள். வீட்டுக்குப் போனதும் அந்தப் பலகையில் இருக்கும் எழுத்துகளோடு வேறு சில எழுத்துகளும் சேர்த்துச் சொற்களை எழுதிக் காட்டு: ஊசி, வளை, வளையல், கொடி, கொடை. படம் வேண்டாம், சிலேட்டில் எழுது. எதில் தடுமாறுகிறாள் என்று அப்படியே எழுது.

செவ்வாய்ப்பேட்டை மகள்

இன்று காலை எழுதிக் காட்டினேன். 'ஊசி' உடனே வந்தது. 'வளை' வந்தது. 'வளையல்' சற்று நின்று, 'வ... ளை... யல்' என்று வந்தது. அந்தச் சொல் பலகையில் இல்லை அம்மாயி! அதை அவளேதான் வாசித்தாள்.

'கொடி' வரவில்லை. 'கெடி' என்றாள். 'கொடை'யும் 'கெடை' என்றுதான் வந்தது. கொம்பைப் பார்க்கிறாள், எழுத்தைப் பார்க்கிறாள், எழுத்துக்குப் பின்னால் இருக்கும் காலை விட்டுவிடுகிறாள். 'கொண்டை' என்று மலையில் சொன்னது நீங்கள் சொன்னது போலப் பாட்டுத்தான்.

கன்னங்குறிச்சி அம்மாயி

'வளையல்' வந்துவிட்டதல்லவா, அது போதும் எனக்கு.

'கொ'வுக்கு இதைச் செய். மூன்று சிறு அட்டைகள்: கொம்பு ஒன்று, 'க' ஒன்று, கால் ஒன்று. கொம்பையும் 'க'வையும் சேர்த்து வைத்து 'கெ' சொல்லச் சொல். பிறகு காலை அவள் கையில் கொடுத்து, 'இதை வைத்தால் வாய் குவிய வேண்டும்' என்று சொல்லி அவளையே வைக்கச் செய். கெ, கொ, கெ, கொ என்று காலை எடுத்தும் வைத்தும் விளையாடட்டும். க, பிறகு ம, பிறகு த. இரட்டைக் கொம்பு போட்ட 'கோ'வை இப்போது காட்டாதே, இரண்டு வாரம் போகட்டும். குறிகள் இரு பக்கமும் வரும் எழுத்தில் பெரும்பாலான குழந்தைகள் இப்படித்தான் நிற்பார்கள்.

அயோத்தியாப்பட்டணம் தாத்தா

இந்த இழையைப் பார்த்து நானும் மூன்று சோப்புப் பெட்டிகள் வைத்துவிட்டேன். பேரன் நேற்று பஸ்ஸில் 'அடிவாரம்' என்று வாசித்தான். 'அஸ்தம்பட்டி'யில் 'ஸ்' வந்ததும் நின்றுவிட்டான். அதற்கு எப்போது அட்டை எழுதுவது அம்மாயி?

கன்னங்குறிச்சி அம்மாயி

பஸ்ஸில் கண்ணுக்குப் பட்டுவிட்டதல்லவா ஐயா, இன்றே எழுதிவிடுங்கள். ஒன்றே ஒன்று மட்டும், புதிய பெட்டியில்.

செவ்வாய்ப்பேட்டை மகள்

வெள்ளிக்கிழமை இரவு விமானம். அச்சகத்து ஐயா, 11 குழந்தைகளுக்குத் தலைக்கு 60 அட்டைகள், படம் பின்பக்கம், மங்கல் லேமினேஷன். கொம்பு, கால், சுழி தனித்தனி அட்டையாக 11 தொகுப்பு. வியாழக்கிழமைக்குள் கிடைக்குமா? 'கொ' இன்னும் நடுப்பெட்டியில்தான் இருக்கிறது.